முகூர்த்தப் படங்களுக்கு ஒரு பட்டியல்: புகைப்படக்காரரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது எப்படி?

என் அக்காவின் திருமண ஆல்பத்தில் மொத்தம் 214 படங்கள் இருக்கின்றன. தாலி கட்டும் படம் அருமையாக வந்திருக்கிறது. மருதாணிக் கை, அலங்கார வளைவு, கேக், இருவரும் கோயில் தூணில் சாய்ந்து நிற்பது என்று எதற்கும் குறைவில்லை. பாட்டி மட்டும் ஒரு படத்திலும் முழுதாக இல்லை. விருந்து மேசைப் படம் ஒன்றில் வேறு யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் அவருடைய கொண்டை தெரிகிறது, அவ்வளவுதான். திருமணம் முடிந்து ஒன்பது மாதத்தில் பாட்டி காலமானார். காரியத்திற்குப் பெரிதாக்கி வைக்க, அடையாள அட்டைப் படத்தைத்தான் கடைக்குக் கொண்டு போனோம்.

புகைப்படக்காரரைக் குறை சொல்ல முடியாது. அன்று மண்டபத்தில் நானூறு பேர். முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருந்த வெள்ளைப் புடவைக் கிழவிதான் இந்தக் குடும்பத்தைப் பால்வெட்டி வளர்த்தவர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து என் சித்தி மகளின் திருமணம் வந்தபோது, பட்டியல் எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பட்டியல் உருவான விதத்தையும் அன்று நடந்ததையும் இங்கே சொல்கிறேன்.

முதலில், பட்டியலில் எதை எழுத வேண்டாம் என்று பார்ப்போம். இணையத்தில் தேடினால் நூறு, நூற்றைம்பது வரிகள் கொண்ட ஆயத்தப் பட்டியல்கள் கிடைக்கும். அவற்றில் பாதி தேவாலயத் திருமணத்துக்கு எழுதியவை. மீதியில் ‘மணமகள் சிரிப்பது’, ‘மோதிரம் அருகில்’ போன்ற வரிகள் இருக்கும். தொழில் தெரிந்த ஒருவருக்கு இவற்றை எழுதிக் கொடுப்பது, சமையற்காரரிடம் சாம்பாருக்கு உப்புப் போடச் சொல்வது போன்றது. தாலி கட்டும்போது படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பட்டியல் நீண்டுவிட்டால் அதற்கு வேறொரு கெடுதலும் உண்டு. அவர் காகிதத்தைப் பார்ப்பாரா, மேடையைப் பார்ப்பாரா?

அவருக்குத் தெரிய வாய்ப்பில்லாதவற்றை மட்டும் எழுதுங்கள். யார் யார் முக்கியமானவர்கள், உங்கள் வீட்டு வழக்கத்தில் மட்டும் வரும் சடங்கு எது, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் காரியம் நடப்பது எப்போது ஆகிய மூன்றும் வெளியாளுக்குத் தெரியாது. சித்தி மகளின் முகூர்த்தத்திற்கு நான் எழுதியது 22 வரிகள். குழுப் படங்களுக்குத் தனியாக ஒரு பகுதி. எல்லாம் ஓர் ஏ4 தாளின் இரு பக்கங்களுக்குள் அடங்கின.

வேலையைக் குருக்களிடம் தொடங்கினேன். திருமணத்திற்கு மூன்று வாரம் முன்பு கோயிலுக்குப் போய், அன்றைய நிகழ்ச்சி வரிசையைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். இந்த வரிசை எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. மாலை மாற்றுவது சில இடங்களில் தாலிக்கு முன்பு நடக்கும், சில இடங்களில் பின்பு. திருமுறை ஓதி நடத்தும் திருமணத்தில் ஓமம் இருக்கும் இடம் வேறாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எங்களுக்குக் குருக்கள் சொன்ன வரிசை இது: மாப்பிள்ளை அழைப்பு, பிள்ளையார் பூசை, காப்புக் கட்டு, பெண் மேடைக்கு வருதல், பெற்றோருக்குப் பாத பூசை, கன்னிகாதானம், கூறை கொடுத்தல், பெண் கூறை மாற்றி வருதல், தாலி கட்டு, மாலை மாற்று, அக்கினி வலம், அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல், ஆசீர்வாதம். முகூர்த்தம் காலை 7.30 முதல் 9.00 வரை. தாலி ஏறக்குறைய 8.20க்கு விழும் என்றார்.

வரிசை கையில் கிடைத்ததும் கேட்க வேண்டிய கேள்வி, இவற்றில் எது மீண்டும் செய்து காட்ட முடியாதது என்பது. மாலையை இன்னொரு முறை போட்டுக்கொள்ளச் சொல்லலாம். கூறைப் புடவையோடு நிற்கும் படத்தைப் பத்து மணிக்கும் எடுக்கலாம். தாலி முடிச்சையும் கன்னிகாதானத்தையும் அப்படிச் செய்ய முடியாது. தாளில் அவற்றுக்கு மட்டும் நட்சத்திரம் போட்டேன். 22 வரிகளில் நட்சத்திரம் பெற்றவை ஏழு. எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டால் எதற்கும் போடாத மாதிரிதான்.

அந்த ஏழில் இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, தாலித் தட்டு. பெண் கூறை மாற்ற உள்ளே போனதும் மேடையில் ஓர் இடைவெளி விழும். புடவை கட்டி, நகைகளைச் சரிசெய்து, மீண்டும் அழைத்து வர இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் ஆகும். புகைப்படக்காரர் அப்போது பெண்ணோடு அலங்கார அறை வாசலுக்குப் போவார், இல்லையென்றால் விடிகாலை நான்கு மணியிலிருந்து நிற்கும் மனிதர் ஒரு தேநீர் குடிக்கப் போவார். தேங்காயின்மேல் தாலி வைத்த தட்டு சபையில் பெரியவர்களிடம் ஆசிக்குச் செல்வது, பல வீடுகளில் சரியாக அந்த நேரத்தில்தான். தாலியைப் பாட்டியும் தாத்தாவும் பெரியம்மாவும் தொட்டுக் கும்பிடும் ஒரே தருணம் அது. கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார்கள், சிலருக்குக் கண் கலங்கும். அப்போது மேடையில் ஒன்றும் நடக்காததால், மண்டபமே இடைவேளை என்று நினைத்துப் பேசிக்கொண்டிருக்கும்.

அக்காவின் திருமணத்தில் நாங்கள் இழந்தது இந்தப் படத்தைத்தான். பாட்டி அன்று தாலித் தட்டைக் கையில் வாங்கி, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுக்காமல் வெகு நேரம் வைத்திருந்தார். நான் பார்த்தேன். கேமரா பார்க்கவில்லை.

சித்தி மகளின் தாளில் அந்த வரியை இப்படி எழுதினேன்: “★ சுமார் 7.55 – பெண் கூறை மாற்றும்போது – தாலித் தட்டு சபைக்கு வரும். தட்டோடு கூடவே நடக்கவும். முன்வரிசை இடது ஓரம், சக்கர நாற்காலி: பெண்ணின் அப்பாயி. இரண்டாம் வரிசை: மாப்பிள்ளையின் தாத்தா, நீலச் சட்டை. அறையில் புடவைப் படம் தேவையில்லை.” கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஒருவரை ஓர் இடத்துக்கு வரச் சொன்னால், அவர் எந்த இடத்தை விட்டுவிடலாம் என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அவர் இரண்டுக்கும் ஓடி இரண்டையும் தவற விடுவார்.

இரண்டாவது, தாலி கட்டுவதுதான். ‘கெட்டி மேளம்’ என்று குரல் எழுந்ததிலிருந்து மூன்றாம் முடிச்சு விழும்வரை அரை நிமிடம்கூட இருக்காது. அந்த அரை நிமிடத்தில் மூன்று இடங்களில் காரியம் நடக்கிறது. முன்பக்கம் மணமக்களின் முகம், பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் முடிச்சு, பக்கத்தில் பெற்றோர். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டை நாத்தனார் போடுவது நம்மில் பரவலான வழக்கம். அந்த முடிச்சு முன்னால் நிற்கும் கேமராவுக்குத் தெரியவே தெரியாது. மாலையும் சடையும் மறைக்கும், விளக்குப் பிடிக்கும் பெண்ணும் குறுக்கே நிற்பார்.

ஒரே ஒரு புகைப்படக்காரர் என்றால் மூன்றையும் கேட்பது நியாயமில்லை. எது வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்து எழுதுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு பேர். ஆகவே முதல்வர் முன்னால், இரண்டாமவர் மணமேடையின் பின்பக்க ஓரம் என்று பிரித்தோம். இரண்டாமவருக்கு எழுதிய வரி: “★ நாத்தனார், பச்சைப் பட்டு, 2ஆம் 3ஆம் முடிச்சு. முடிந்த உடனே பெண்ணின் அம்மா முகம். மேடையில் இருக்க மாட்டார். வலது பக்கம் இரண்டாவது தூண்.”

பெண்ணின் அம்மா ஏன் தூணருகே? சித்தப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கன்னிகாதானத்தைப் பெரியப்பாவும் பெரியம்மாவும் செய்து கொடுத்தார்கள். சித்தி மேடை ஏற மறுத்துவிட்டார். கணவரை இழந்தவர் மங்கல காரியத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் பேசிப் பார்த்தோம், மணமகளும் அழுது பார்த்தாள். அவர் அசையவில்லை. அந்த வாதத்தைத் திருமண நாள் காலையில் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அவர் எங்கே நிற்பார் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு அங்கே ஒரு கேமராவைத் திருப்பி வைக்க முடியும். பட்டியல் எழுத உட்கார்ந்ததால்தான் “நீங்க எங்க நிப்பீங்க சித்தி?” என்று கேட்க வேண்டி வந்தது. “தூண்கிட்ட நிக்கிறேன்யா, எனக்கு அங்கருந்தே தெரியும்” என்றார்.

பெற்றோர் மணவிலக்குப் பெற்ற குடும்பம் என்றாலும், பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி என்றாலும் இதே முறைதான். “இவ்விருவரையும் சேர்ந்து நிற்கச் சொல்ல வேண்டாம்” என்று ஒரு வரி எழுதினால் போதும். காரணம் எழுத வேண்டியதில்லை.

தாலி நேரத்தில் இன்னொரு தொல்லை, நம்முடைய கைப்பேசிகள். கெட்டி மேளம் கேட்டதும் முதல் மூன்று வரிசை எழுந்து நிற்கும். அட்சதை வீசும் கைகளுக்கு நடுவே நாற்பது கைப்பேசிகள் உயரும். இதைப் பட்டியலில் எழுதிப் பயனில்லை, புகைப்படக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. அறிவிப்பாளரிடம் சொல்லி, பெண் கூறை மாற்றி வரும்போதே “முதல் இரண்டு வரிசையினர் அமர்ந்தபடியே அட்சதை தூவுங்கள், நடுவழியை விட்டுவிடுங்கள்” என்று அறிவிக்கச் செய்தோம். பாதிப் பேர் கேட்டார்கள். அதுவே பெரிது. காணொளி எடுப்பவருக்கும் பட்டியலின் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டோம். அவர் விளக்கோடு எங்கே நிற்பார் என்பதைப் புகைப்படக்காரரும் அவரும் முன்பே பேசிக்கொண்டார்கள். பேசாவிட்டால் ஒருவர் முதுகை மற்றவர் படம் எடுப்பதுதான் நடக்கும்.

மற்ற சடங்குகளுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. மெட்டி அணிவிப்பது மட்டும் கொஞ்சம் சிக்கல். அம்மி தரையில் இருக்கும், சுற்றி ஆட்கள் குனிந்து நிற்பார்கள், படத்தில் முதுகுகள்தான் வரும். “அம்மியின் முன்பக்கம் காலியாக வைக்கவும்” என்று மணப்பெண் தோழிக்கும் ஒரு குறிப்பு கொடுத்தோம். கோயில் கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது என்ற விதி பல கோயில்களில் உண்டு. சன்னதியில் மாலை வாங்கும் படம் வேண்டுமென்றால், அனுமதி உண்டா என்று ஆலய அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பட்டியலில் சேருங்கள். திருமணப் பதிவில் கையொப்பமிடுவது கோயிலிலேயே நடக்கிறதா, முன்பே தேசியப் பதிவு இலாகாவில் முடிந்துவிட்டதா என்பதையும் எழுத வேண்டும். கோயிலில் என்றால், சாட்சிக் கையெழுத்துப் போடும் இருவரின் உறவுமுறையையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் சாட்சிகளில் ஒருவர் மணமகளின் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவரைச் சும்மா ஒரு விருந்தினர் என்று நினைத்துப் படச் சட்டத்துக்கு வெளியே விட்டிருப்பார்கள்.

புகைப்படக்காரர் தமிழர் அல்லாதவராக இருப்பது இப்போது நகரங்களில் சாதாரணம். சித்தி மகளுக்கு வந்த முதல்வர் சீனர், இரண்டாமவர் தமிழர். சீனருக்கு ‘கன்னிகாதானம்’ என்று எழுதிக் கொடுத்தால் என்ன புரியும்? ஆகவே அவர் பிரதியில் சடங்கின் பெயருக்குப் பக்கத்தில், கண்ணுக்கு என்ன தெரியும் என்று மலாயில் எழுதினேன். பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைப்பார்கள், மேலே நீர் ஊற்றுவார்கள், நீர் விழும்போது எடுக்கவும் என்பது போல. தத்துவ விளக்கம் அவருக்கு வேண்டாம். எப்போது விரலை அழுத்த வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம் போதும். உண்மையில், தமிழரான இரண்டாமவரும் இந்தப் பிரதியைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இனி குழுப் படங்கள். நேரம் அதிகம் விரயமாவதும் மனத்தாங்கல் அதிகம் வருவதும் இங்கேதான். ஒரு குழுவைக் கூப்பிட்டு, நிறுத்தி, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, குழந்தையை நிமிர்ந்து பார்க்க வைத்து எடுக்க ஏறக்குறைய மூன்று நிமிடம் பிடிக்கும். சித்தி முதலில் சொன்ன குழுக்கள் 31. பெருக்கினால் 93 நிமிடம். சடங்கு ஒன்பதுக்கு முடியும், பதினொன்றுக்கு அடுத்த திருமணத்தாருக்கு மண்டபத்தை விட வேண்டும், நடுவில் பந்தி வேறு. அட்டவணையைக் காட்டியதும் சித்தியே குறைத்தார். 14 குழுக்கள், 42 நிமிடம் என்று நின்றது. மற்றவர்களை இரவு விருந்துக்குத் தள்ளினோம். அலுவலக நண்பர்கள், பள்ளித் தோழர்கள் எல்லாம் எப்படியும் இரவுக்குத்தான் வருவார்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் வயதானவர்கள் இருக்கும் குழு. அவர்கள் காலை மருந்து சாப்பிட வேண்டும், கழிவறைக்குப் போக வேண்டும், காத்திருக்க வைக்கக் கூடாது. பிறகு பெரிய குழுவை நிறுத்தி, அதிலிருந்து ஆட்களைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தந்தை வழி உறவு முழுதும் நிற்கட்டும், அடுத்து பெரியப்பா குடும்பம் மட்டும், அடுத்து பெரியப்பா பெரியம்மா மட்டும். ஒரே ஆளை மூன்று முறை பந்தியிலிருந்து எழுப்பி வரும் வேலை மிச்சம்.

பெயர் மட்டும் எழுதினால் புகைப்படக்காரருக்கு உதவாது. மண்டபத்தில் ‘மாமா’ என்று கூப்பிட்டால் ஐம்பது பேர் திரும்புவார்கள். அவருக்குத் தேவை ஆள் காட்டுபவர். பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர். இருவரும் உறவுகளை முகம் பார்த்து அறிந்தவர்களாக, குரல் உள்ளவர்களாக, அன்று வேறு பொறுப்பு இல்லாதவர்களாக இருக்க வேண்டும். மணமக்களின் தம்பி தங்கையை இதற்குப் போடாதீர்கள். அவர்களே பாதிப் படங்களில் நிற்க வேண்டியவர்கள். எங்கள் பக்கம் நான், மாப்பிள்ளை பக்கம் அவருடைய ஒன்றுவிட்ட அக்கா. எங்கள் இருவர் கைப்பேசி எண்களும் தாளின் தலைப்பில் இருந்தன.

குழுப் பட்டியலில் சித்தி கடைசியாகச் சேர்க்கச் சொன்ன ஒரு வரியை நான் யோசித்தே இருக்கமாட்டேன். “எஸ்டேட்டு ஆளுங்க எல்லாரும் ஒரு படம்.” தோட்டம் துண்டாடப்பட்டு எல்லாரும் தாமான்களுக்குச் சிதறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த லயத்தில் ஒன்றாக வாழ்ந்தவர்கள் இன்று கூடுவது இப்படித் திருமணத்திலும் இழவு வீட்டிலும்தான். அவர்கள் உறவினரும் இல்லை, நண்பர் என்ற கணக்கிலும் வரமாட்டார்கள். எந்த ஆயத்தப் பட்டியலிலும் அவர்களுக்கு வரி கிடையாது. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் உங்கள் குடும்பத்திலும் இருந்தால், இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முடித்த தாளைத் திருமணத்துக்குப் பத்து நாள் முன்பு புலனத்தில் அனுப்பினேன். அனுப்பியதோடு விடாமல், தொலைபேசியில் அரை மணி நேரம் வரி வரியாகப் பேசினோம். அதில் இரண்டு மாற்றங்கள் வந்தன. காலையில் பெண் வீட்டு அலங்காரம் கிள்ளானில், மாப்பிள்ளை வீட்டுப் புறப்பாடு கோல சிலாங்கூரில். நான் இரண்டையும் 5.30 என்று எழுதியிருந்தேன். ஆளுக்கொரு வீடு என்று பிரித்தால், மாப்பிள்ளை ஊர்வலத்தோடு வரும் இரண்டாமவர் கோயில் வந்து சேர 7.15 ஆகிவிடும், அதற்கு முன் கோயில் அலங்காரத்தை எடுக்க ஆள் இருக்காது என்று முதல்வர் சுட்டிக்காட்டினார். கோயில் அலங்காரத்தை விட்டுவிட்டோம். அடுத்து, அக்கினி வலம் வரும்போது புகை அதிகமானால் முகம் தெளிவாக வராது, முதல் சுற்றிலேயே எடுத்துவிடுவதாகச் சொன்னார். நட்சத்திரத்தை முதல் சுற்றுக்கு நகர்த்தினேன்.

பட்டியல் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. அன்று காப்புக் கட்டு பதினைந்து நிமிடம் தாமதமானது. ஆகவே தாளில் இருந்த நேரங்கள் எல்லாம் பொய்யாகின. நேரத்தை நம்பாமல் ‘இது முடிந்ததும் அது’ என்று வரிசையை எழுதியிருந்ததால் தடுமாற்றம் வரவில்லை. மாப்பிள்ளையின் தாத்தா நீலச் சட்டையில் வரவில்லை, வெள்ளை ஜிப்பாவில் வந்தார். அக்காதான் ஓடிப்போய்க் காட்டினார். மெட்டிப் படத்தில் ஒரு சிறுவனின் பின்மண்டை பாதியை மறைத்துவிட்டது. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு படம்தான் இப்போது சித்தி வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. பந்தியில் மாப்பிள்ளை அப்பாயிக்குப் பாயாசம் ஊட்டுகிறார், அப்பாயி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தாள் சுருக்கமாக இருந்ததால் புகைப்படக்காரருக்குச் சுற்றிப் பார்க்கவும் நேரம் இருந்திருக்கிறது.

தாலித் தட்டுப் படம் வந்தது. மொத்தம் ஆறு. அப்பாயி இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருக்கிறார். தூணருகே சித்தியின் படமும் வந்தது, முகம் முழுதாகத் தெரியவில்லை, முந்தானையால் பாதியை மூடிக்கொண்டிருக்கிறார். அதை ஆல்பத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று மணமகள் கேட்டபோது, சித்தி வாங்கிப் பார்த்துவிட்டுத் தன் பணப்பையில் வைத்துக்கொண்டார்.